கணினி ஆய்வுகூடத்தின் பழைய கணினிகளை இலேசான பணிசெயல் முறைமைக்கு மாற்ற நிதி கோரல்: ஒரு கணினியில் செய்து பார்த்த பரிசோதனையின் பதிவுடன்

அதிபரும் தலைவரும், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்,
பாடசாலை அபிவிருத்திச் சங்கம்.

மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

எமது கணினி ஆய்வுகூடத்தில் உள்ள பன்னிரண்டு கணினிகளில் பத்தை மீண்டும் பாடவேளைக்கு உகந்த நிலைக்குக் கொண்டுவர 82,400 ரூபா ஒதுக்கித் தருமாறு இக்கடிதத்தின் மூலம் கேட்டுக்கொள்கிறேன். நான் நிறுவ முன்மொழியும் பணிசெயல் முறைமை இலவசமாகக் கிடைப்பது. அப்படியிருக்க எதற்காகப் பணம் என்ற கேள்வி கூட்டத்தில் நிச்சயம் எழும் என்பதால், ஒரு கணினியை எடுத்துப் படிப்படியாகச் செய்து பார்த்ததையும், ஒவ்வொரு படியிலும் கண்டதையும் கீழே எழுதுகிறேன்.

தற்போதைய நிலையை முதலில் கூறுகிறேன். பன்னிரண்டில் எட்டு, கோர் 2 டுவோ செயலியும் 2 ஜிபி நினைவகமும் பழைய சுழலும் வன்தட்டும் கொண்டவை. அவற்றில் விண்டோஸ் 7 இருக்கிறது. இரண்டு, மூன்றாம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜிபி நினைவகமும் கொண்டவை. அவற்றில் விண்டோஸ் 10 இருக்கிறது. மிகுதி இரண்டும் 32 பிட் மட்டும் இயங்கும் பென்டியம் 4 கணினிகள். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கானவை 2025 ஒக்டோபர் 14இலும் நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை என்பதால், எம்மிடம் உள்ள எந்தக் கணினிக்கும் அந்த வழி இல்லை. குரோம் மேலோடி விண்டோஸ் 7இல் 109ஆம் பதிப்புடன் நின்றுவிட்டது. ஆண்டுகள் செல்லச் செல்லப் புதிய இணையத்தளங்கள் அதில் அரைகுறையாகவே திறக்கின்றன.

பாதுகாப்பை விடவும் நாளாந்தம் எம்மைத் தடுப்பது வேகக் குறைவுதான். தரம் 10 மாணவர்கள் இருபத்தெட்டுப் பேர் நாற்பது நிமிடப் பாடவேளைக்கு வருகிறார்கள். ஆளியைப் போட்டதிலிருந்து விரிதாள் ஒன்றைத் திறந்து வேலை செய்யக்கூடிய நிலை வரும்வரை ஏறத்தாழ ஏழு நிமிடம் செல்கிறது. இடையில் ஒரு கணினி உறைந்துபோனால் அதை மீளத் தொடக்குவதற்குள் பாடத்தின் முதற்பகுதி முடிந்துவிடுகிறது. நம்பி இயக்கக்கூடியவை ஐந்து மாத்திரமே என்பதால் ஒரு கணினியைச் சுற்றி ஐந்து, ஆறு பிள்ளைகள் நிற்கிறார்கள். விசைப்பலகையைத் தொடுவது முன்னால் நிற்கும் ஒருவர் மட்டும்தான். தோட்ட லயங்களிலிருந்து வரும் இப்பிள்ளைகளில் பெரும்பாலானோரின் வீடுகளில் கணினி இல்லை. ஆகவே இங்கே தொடாதவர் வேறெங்கும் தொடப்போவதில்லை.

பரிசோதனைக்கு அந்த எட்டில் ஒன்றை எடுத்தேன். ஹட்டன் நகரில் கணினி திருத்தும் கடை நடத்தும் எமது பழைய மாணவர் ஒருவர், வன்தட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகம் ஒன்றையும் சில நினைவகத் துண்டுகளையும் திருப்பித் தரும் நிபந்தனையில் இரவல் தந்து உதவினார். பெட்டியைத் திறந்து தூசியை அகற்றி, செயலியின் மேலிருந்த காய்ந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாக இட்டோம். மலைநாட்டு ஈரலிப்பினால் நினைவகத் துண்டின் செப்பு முனைகள் கறுத்திருந்தன. அவற்றைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தோம். இதற்குப் பிறகு, அதுவரை சில நாள் திரையே வராமல் இருந்த அந்தக் கணினி ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் தொடங்கியது. வேகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

அடுத்து, டெபியன் 13 என்னும் லினக்ஸ் பணிசெயல் முறைமையை எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலேசான திரைமுகத்துடன் பென்டிரைவிலிருந்து நேரடியாக இயக்கினேன். இவ்வாறு இயக்கும்போது வன்தட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை என்பதால், நிறுவுவதற்கு முன்பே வன்பொருள்கள் எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடலாம். திரை, ஒலி, வலையமைப்பு மூன்றும் எந்தக் கூடுதல் இயக்கி மென்பொருளும் இன்றி வேலை செய்தன. அதே அமர்விலேயே வன்தட்டின் உடல்நிலையையும் பார்த்தேன்.

```
free -h
sudo apt update
sudo apt install smartmontools
sudo smartctl -a /dev/sda
```

முதற்கட்டளை நினைவகம் எவ்வளவு பயன்படுகிறது என்று காட்டும்: எதையும் திறக்காத நிலையில் இம்முறைமை ஏறத்தாழ 600 எம்பி எடுத்தது. கடைசிக் கட்டளை தரும் நீண்ட அட்டவணையில் நான் பார்த்தவை இரண்டே வரிகள். `Reallocated_Sector_Ct` என்பது பழுதாகி மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. `Current_Pending_Sector` என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இவ்விரு வரிகளின் கடைசி எண்ணும் பூச்சியமாக இருக்க வேண்டும். இந்த வன்தட்டில் இரண்டும் பூச்சியம் அல்ல. கணினி உறைந்து நிற்பதற்குக் காரணம் அதிலிருந்தே விளங்கியது: பழுதான பகுதியைப் படிக்க வன்தட்டு திரும்பத் திரும்ப முயலும் வேளையில் முழுக் கணினியும் அதற்காகக் காத்து நிற்கிறது. பிறகு எட்டுக் கணினிகளையும் இவ்வாறே பார்த்தபோது, ஐந்தின் வன்தட்டுகள் இதே நிலையில் இருந்தன.

இனி இக்கோரிக்கையின் மையத்துக்கு வருகிறேன். முதலில் பணம் ஏதும் செலவிடாமல், அதே வன்தட்டில், அதே 2 ஜிபி நினைவகத்துடன் டெபியனை நிறுவினேன். ஆளியைப் போட்டதிலிருந்து பயன்படுத்தும் நிலை வரை இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்தது. ஏழிலிருந்து இரண்டாகக் குறைந்தது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் லிப்ரே ஒஃபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளின் விரிதாளைத் திறந்து, மேலோடியில் மூன்று தாவல்களையும் திறந்தவுடன் நினைவகம் நிரம்பியது. மிகுதியை முறைமை வன்தட்டுக்கு மாற்றத் தொடங்கியது. சுட்டி நகர்வதே நின்றது. பழுதான வன்தட்டின் மீது எவ்வளவு இலேசான முறைமையை ஏற்றினாலும் அந்தப் பழுது அப்படியே இருக்கும். முறைமையை மட்டும் மாற்றினால் போதும் என்று சங்கத்திடம் கூறியிருந்தால், ஒரு தவணைக்குள் அதே முறைப்பாடுகள் மீண்டும் வந்திருக்கும்.

பின்னர் வன்தட்டைக் கழற்றி, இரவல் பெற்ற எஸ்எஸ்டியில் நிறுவினேன். தொடங்கும் நேரம் முப்பத்தைந்து வினாடிக்குக் குறைந்தது. லிப்ரே ஒஃபிஸ் ஏழு, எட்டு வினாடியில் திறந்தது. இந்த எட்டுக் கணினிகளின் பழைய தாய்ப்பலகையால் எஸ்எஸ்டியின் முழு வேகத்தையும் பயன்படுத்த முடியாது. ஆனாலும் எமக்கு வேண்டியது பெரிய கோப்புகளை வேகமாகப் பிரதிசெய்வது அல்ல, தட்டின் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தாமதமின்றிப் படிப்பதுதான். சுழலும் தட்டு அதற்கு ஒவ்வொரு முறையும் தலையை நகர்த்த வேண்டியிருக்கிறது, எஸ்எஸ்டிக்கு நகரும் பாகமே இல்லை. வித்தியாசம் முழுவதும் அதனால் வந்ததுதான். மேலோடியில் பல தாவல்கள் இருக்கும்போது மட்டும் சிறு தயக்கம் எஞ்சியது. அதற்குக் காரணம் நினைவகத்தின் அளவு.

நினைவகத்தில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உள்ளது. கொள்வனவு செய்பவர் அறியாவிட்டால் பணம் வீணாகும் என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். எமது எட்டுக் கணினிகளின் தாய்ப்பலகைகள் ஜி41 என்னும் சில்லுத் தொகுதியைக் கொண்டவை. டிடிஆர்3 வகை நினைவகத்தை ஏற்பவை. கடையில் எளிதாகக் கிடைக்கும் 4 ஜிபி டிடிஆர்3 துண்டைப் பொருத்தியபோது திரை வரவே இல்லை. துண்டு பழுதல்ல, அதே துண்டு ஐ3 கணினியில் ஒழுங்காக வேலை செய்தது. ஜி41 தொகுதி, ஒவ்வொன்றும் 2 கிகாபிட் வரையுள்ள சில்லுகளை மட்டுமே அறியும். எட்டுச் சில்லுகளால் ஆன 4 ஜிபி துண்டில் ஒவ்வொரு சில்லும் 4 கிகாபிட் என்பதால் அது பொருந்தாது. பதினாறு சில்லுகள் உள்ள 4 ஜிபி துண்டோ, எட்டுச் சில்லுகள் உள்ள 2 ஜிபி துண்டோ பொருந்தும். துண்டின் இருபுறமும் உள்ள கறுப்புச் சில்லுகளை எண்ணினாலே இதைக் கண்டுகொள்ளலாம். நான் எட்டுச் சில்லு 2 ஜிபி துண்டைப் பரிந்துரைக்கிறேன். இருக்கும் 2 ஜிபியுடன் அதைச் சேர்த்து 4 ஜிபி ஆக்கியபோது, விரிதாளும் மூன்று தாவல்களும் திறந்த நிலையில் 2.4 ஜிபி அளவே செலவானது; தயக்கம் மறைந்தது. அதற்கு மேல் எமது பாடத்துக்குத் தேவையில்லை, விலையும் குறைவு.

இன்னொரு சிறிய பொருள், தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 மின்கலம். அது தீர்ந்த கணினிகளில், மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுகிறது. திகதி தவறானால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகாதவை என்று கருதப்பட்டு, மேலோடி எந்தப் பக்கத்தையும் திறக்க மறுக்கும். மென்பொருள் புதுப்பித்தலும் `is not valid yet` என்ற செய்தியுடன் நின்றுவிடும். இதைப் பார்க்கும் எவரும் இணைய இணைப்பையே குறைகூறுவார்கள். நூற்றைம்பது ரூபா மின்கலம் ஒன்றால் தீரும் பிரச்சினை இது.

பாடத்திட்டத்துக்கு இம்முறைமை ஒத்துவருமா என்பது பெற்றோர் சார்பில் கேட்கப்படக்கூடிய நியாயமான கேள்வி. க.பொ.த. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் செய்முறையாகப் பழக வேண்டிய சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், நிகழ்த்துகை, தரவுத்தளம் ஆகிய நான்குக்கும் லிப்ரே ஒஃபிஸில் உரிய பகுதிகள் உள்ளன. விரிதாளின் சார்புகள் அதே பெயர்களில் அதே வடிவில் எழுதப்படுகின்றன. `=SUM(B2:B9)` என்பதில் எந்த வேறுபாடும் இல்லை. தரவுத்தளப் பகுதியில் மட்டும் திரையின் அமைப்பு மைக்ரோசொஃப்ட் அக்சஸிலிருந்து கணிசமாக வேறுபடுகிறது. ஆகையால் இரண்டு ஐ3 கணினிகளிலும் டெபியனை எஸ்எஸ்டியில் நிறுவி, அவற்றின் பழைய வன்தட்டுகள் நல்ல நிலையில் இருப்பதால் விண்டோஸ் 10ஐ அங்கேயே விட்டு, இணையத்தைத் தொடாமல் அக்சஸைக் காட்டுவதற்கு மட்டும் பயன்படுத்த உத்தேசித்துள்ளேன். கணினி தொடங்கும்போது எதை இயக்குவது என்று தெரிவுசெய்யலாம்.

தமிழ் தொடர்பாக இரு ஏற்பாடுகள் செய்ய வேண்டியிருந்தன. ஒருங்குறியில் தட்டச்சு செய்யப் பின்வரும் பொதிகளை நிறுவினேன்.

```
sudo apt install ibus ibus-m17n fonts-noto-core
```

இதில் தமிழ்99, ரெங்கநாதன் ஆகிய விசைப்பலகை அமைப்புகள் இரண்டும் தெரிவுக்குக் கிடைக்கின்றன. மற்றொன்று, எமது பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஆசிரியர்கள் கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணக்கூடும். பாமினி எழுத்துருக் கோப்பை `/usr/local/share/fonts` என்னும் உறையினுள் இட்டு `sudo fc-cache -f` என்று கட்டளையிட்டவுடன் எல்லாத் தாள்களும் ஒழுங்காகத் தெரிந்தன. புதிய தாள்களை ஒருங்குறியிலேயே தயாரிப்பது நல்லது என்பது என் கருத்து. அது இக்கோரிக்கைக்கு நிபந்தனையல்ல.

இம்முறைமையால் இயலாதவற்றையும் குழு அறிந்திருக்க வேண்டும். ஆய்வுகூடத்திலுள்ள லேசர் அச்சுப்பொறிக்கு லினக்ஸில் நம்பகமாக இயங்கும் இயக்கி மென்பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. மாணவர் ஆக்கங்களை பிடிஎஃப் கோப்பாக்கி அலுவலகக் கணினியில் அச்சிட வேண்டும். அந்த அலுவலகக் கணினியை இத்திட்டத்தில் நான் சேர்க்கவில்லை. அங்கு நிரப்பப்படும் விரிதாள் படிவங்களில் மைக்ரோசொஃப்ட் எக்செலுக்கென எழுதப்பட்ட மாக்ரோக்கள் உள்ளன, அவை லிப்ரே ஒஃபிஸில் சரியாக இயங்கும் என்று உறுதிகூற முடியாது. காணொளிகளைப் பொறுத்தவரை, கோர் 2 டுவோ கணினிகள் இன்றைய காணொளி வடிவங்களைச் செயலியின் பலத்தால் மட்டுமே விரிக்கின்றன. 480பி அளவில் தடையின்றி ஓடுகின்றன. 1080பி அளவில் விட்டுவிட்டு ஓடுகின்றன. இ-தக்சலாவ பாடங்களைப் பார்க்க 480பி போதும்.

இரண்டு பென்டியம் 4 கணினிகளுக்கும் செலவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டெபியன் 13இலிருந்து 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் நிறுத்தப்பட்டுள்ளது. பழைய பதிப்பைப் போட்டு இயக்கினாலும், இன்றைய மேலோடி ஒன்றைத் திறப்பது அவற்றுக்குப் பெரும் சுமை. கணினியின் உட்பாகங்களைப் பெயர்சொல்லிக் கழற்றிப் பூட்டும் செய்முறைக்கு அவை நன்றாகப் பயன்படும்.

நிதி கிடைத்தால் வேலை நடைபெறும் முறை இதுதான். ஒரு கோர் 2 டுவோ கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, குளோன்சில்லா மென்பொருளால் அதன் எஸ்எஸ்டியின் முழுப் பிரதியான படிமத்தை எடுத்து, ஏனைய ஏழுக்கும் பிரதிசெய்வேன். ஒவ்வொன்றுக்கும் இணையத்திலிருந்து தனித்தனியாகப் பதிவிறக்க வேண்டியதில்லை என்பதால் டேட்டாச் செலவும் ஒரு முறைக்கு மட்டுமே. விண்டோஸ் 10ஐயும் வைத்திருக்கும் ஐ3 கணினிகள் இரண்டிலும் தனியாக நிறுவுவேன். இங்கும் ஒரு கவனம் தேவை: 128 ஜிபி எஸ்எஸ்டியில் எடுத்த படிமம் 120 ஜிபி எஸ்எஸ்டியில் இறங்காது. ஆகவே பதினொரு எஸ்எஸ்டிகளும் ஒரே கொள்ளளவாக, இயன்றால் ஒரே வகையாக வாங்கப்பட வேண்டும். மாணவர் கணக்குக்கு மென்பொருள் நிறுவும் உரிமை வழங்கப்படமாட்டாது. பென்டிரைவ்களில் வந்து கோப்புகளை மறைத்துக் குறுக்குவழிகளாகக் காட்டும் வைரசுகள் விண்டோசுக்கென எழுதப்பட்டவை என்பதால் இங்கே இயங்குவதில்லை. எனினும் அவை பென்டிரைவிலேயே தங்கி வேறு கணினிக்குப் போகக்கூடும் என்பதை மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பேன். கழற்றப்படும் வன்தட்டுகள் இருப்புப் பதிவேட்டில் உள்ள கணினிகளின் பாகங்கள் என்பதால், எந்தக் கணினிக்குரியது என்று இலக்கமிட்டு அலுமாரியில் பூட்டி வைக்கப்படும்.

ஹட்டன் கடையிலிருந்து பெற்ற கூறுவிலையின்படி செலவு விபரம்:

120 ஜிபி எஸ்எஸ்டி 11 (ஒன்று மேலதிகம்), ஒன்று 5,500 ரூபா: 60,500
2 ஜிபி டிடிஆர்3 நினைவகம், பாவித்தது, 8, ஒன்று 1,000 ரூபா: 8,000
சிஆர்2032 மின்கலம் 10, ஒன்று 150 ரூபா: 1,500
மின்வழங்கி 2, ஒன்று 3,800 ரூபா: 7,600
32 ஜிபி பென்டிரைவ் 2, ஒன்று 1,800 ரூபா: 3,600
வெப்பப் பசையும் சுத்திகரிப்புப் பொருள்களும்: 1,200
மொத்தம்: 82,400 ரூபா

மின்வழங்கிகள் இரண்டு கேட்டிருப்பதற்குக் காரணம், இரண்டு கணினிகளின் மின்வழங்கிகளில் மின்கொள்ளளவிகளின் தலைகள் புடைத்திருப்பதுதான். இடிமின்னல் அதிகமான ஒக்டோபர், நவம்பர் மாதங்களுக்குப் பிறகு அவை தாமாகவே நின்று நின்று இயங்குகின்றன. அவற்றில் புதிய எஸ்எஸ்டியைப் பொருத்துவது எஸ்எஸ்டிக்கே ஆபத்து. ஒப்பீட்டுக்காக அதே கடையில் திரையுடன் கூடிய புதிய மேசைக் கணினி ஒன்றின் விலையையும் கேட்டேன். அந்த ஒன்றின் விலை மேற்படி மொத்தத்தை விட அதிகம்.

முழுத்தொகையையும் ஒரே முறையில் ஒதுக்க இயலாதெனின், பத்துக் கணினிகளுக்கும் பாதிப் பாகங்களை வாங்குவதைத் தவிர்த்து, மின்வழங்கி நல்ல நிலையிலுள்ள ஐந்து கோர் 2 டுவோ கணினிகளை முழுமையாக முடிப்பதே சிறந்தது. எஸ்எஸ்டி, நினைவகம், மின்கலம் மூன்றும் ஒரு கணினிக்கு 6,650 ரூபா. ஐந்துக்கு 33,250 ரூபா. பென்டிரைவ்களையும் பசையையும் சேர்த்தால் 38,050 ரூபாவில் முதற்கட்டம் முடியும். எஸ்எஸ்டி இல்லாமல் நினைவகத்தை மட்டும் வாங்கும் யோசனை எழுந்தால் அதை ஏற்க வேண்டாம் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்; பழுதான வன்தட்டுடன் அச்செலவு பயன் தராது.

டெபியன் 13க்கு, அதன் நீண்டகால ஆதரவையும் சேர்த்து, 2030 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். கணினிகளின் ஏனைய பாகங்கள் அதுவரை தாக்குப்பிடிக்கும் என்று உறுதியளிக்க என்னால் இயலாது. இடையில் ஒரு தாய்ப்பலகை பழுதானாலும் அதிலுள்ள எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திப் பயன்படுத்தலாம் என்பதால், செலவின் பெரும்பகுதி அப்போதும் இழக்கப்படாது.

பரிசோதித்த கணினி ஆய்வுகூடத்தில் கதவருகே உள்ள மேசையில் இருக்கிறது. எஸ்எஸ்டியை இம்மாத இறுதியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் செயற்குழு உறுப்பினர்கள் வந்து, அதையும் பக்கத்திலுள்ள விண்டோஸ் 7 கணினியையும் ஒரே நேரத்தில் ஆளியிட்டுப் பார்க்குமாறு அழைக்கிறேன். தீர்மானம் முதலாம் தவணைக்குள் கிடைத்தால், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நிறுவல் வேலைகளை முடித்து, இரண்டாம் தவணையின் முதற்பாடவேளைக்கு பத்துக் கணினிகளையும் ஒப்படைக்க முடியும். பற்றுச்சீட்டுகளையும் ஒவ்வொரு கணினியிலும் பொருத்தப்பட்ட பாகங்களின் தொடரிலக்கப் பட்டியலையும் அடுத்த கூட்டத்தில் பொருளாளரிடம் சமர்ப்பிப்பேன்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாட ஆசிரியர்